பரிந்துரை செய்யாத அட்டவணை நடுநிலை ஆகாது

"மூன்று வழிகள் இருக்கின்றன. சாதக பாதகங்களை ஒரே ஸ்லைடில் தந்திருக்கிறோம். முடிவு உங்கள் கையில்." கொள்முதல், திட்டம், ஐ.டி. என்று எந்தப் பிரிவுக் கூட்டமானாலும் இந்த வாசகம் காதில் விழும். சொல்பவர் அதைப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் பேச்சாகக் கருதுவதில்லை. அலசுபவர் ஒரு பக்கம் சாயக் கூடாது, தேர்ந்தெடுக்கும் உரிமை மேலே இருப்பவருடையது, கீழே இருப்பவர் "இதைத்தான் செய்ய வேண்டும்" என்று எழுதுவது எல்லை மீறல் என்ற எண்ணம் நம் அலுவலகங்களில் வேரூன்றிவிட்டது. அதைத் தொழில் ஒழுக்கம் என்றே பலர் நம்புகிறார்கள்.

நான் இதை முழுமூச்சாக மறுக்கிறேன். ஒப்பீட்டு ஸ்லைடு நடுநிலையானது அல்ல. அதைத் தயாரித்தவர் பல முடிவுகளை எடுத்துவிட்டு, எடுத்ததைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். அதே ஸ்லைடைப் பரிந்துரைக் குறிப்பாக மாற்றி எழுத உட்கார்ந்தால் அந்த முடிவுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். அவற்றில் சில தவறு என்பதும் எழுதும்போதுதான் தெரியவரும். பொத்தாம்பொதுவாகப் பேசினால் இது பிடிபடாது என்பதால், ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை கொண்டுபோகிறேன். மருத்துவமனை கற்பனையானது; அது எதிர்கொள்ளும் கேள்வி கற்பனை அல்ல.

மாவட்டத் தலைநகர் ஒன்றில் 80 படுக்கை, அதில் 10 ஐ.சி.யூ. படுக்கை. ஆக்சிஜன் இப்போது சிலிண்டர்களில் வருகிறது. பத்துப் பத்தாக இரண்டு வரிசை, ஒன்று தீர்ந்தால் மற்றது. 2021-ஆம் ஆண்டின் கோவிட் இரண்டாம் அலையில் நாடு முழுக்க ஆக்சிஜனுக்கு அலைந்ததைப் பார்த்த நிர்வாகம், இதை மாற்றலாமா என்று கேட்கிறது. வழி மூன்று: சிலிண்டரையே தொடர்வது, காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்து ஆக்சிஜன் தரும் பி.எஸ்.ஏ. ஆலை வைப்பது, திரவ ஆக்சிஜன் தொட்டி வைப்பது.

ஸ்லைடு தயாராகிறது. மூன்று நெடுவரிசை, ஏழு வரி: முதலீடு, மாதச் செலவு, தூய்மை, இடம், ஆள்தேவை, நம்பகத்தன்மை, எதிர்கால வளர்ச்சி. கட்டத்துக்கு ஒரு வட்டம். பச்சை நல்லது, மஞ்சள் சுமார், சிவப்பு மோசம். பார்க்க அழகாக, நியாயமாக இருக்கிறது. யாரும் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல அதில் ஒரு கூற்றும் இல்லை என்பதுதான் காரணம்.

இந்த வட்டங்களைக் கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம். தூய்மை வரியில் சிலிண்டருக்கும் திரவத்துக்கும் பச்சை, பி.எஸ்.ஏ.வுக்கு மஞ்சள். சிலிண்டரிலும் தொட்டியிலும் 99 சதவீதத்துக்கு மேல் கிடைக்கும், பி.எஸ்.ஏ. தருவது 93 சதவீதம், மூன்று கூடக் குறைய. உலக சுகாதார அமைப்பு அந்த 93-ஐச் சிகிச்சைக்கு ஏற்றது என்று ஒப்புக்கொள்கிறது. அப்படியானால் அந்த மஞ்சள் எதைச் சொல்கிறது? முடிவை மாற்றாத ஒரு வேறுபாட்டைச் சொல்கிறது. எதிர்கால வளர்ச்சி வரியில் மூன்றுக்குமே மஞ்சள். மூன்றையும் ஒரே மாதிரி காட்டும் வரிக்கு அங்கே வேலையே இல்லை. ஏழு வரிகளில் இரண்டு, அட்டவணை நிறைவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இருக்கின்றன.

மாதச் செலவு வரி இன்னும் ஏமாற்றுகிறது. பி.எஸ்.ஏ. பச்சை, திரவம் மஞ்சள், சிலிண்டர் சிவப்பு. இந்த மருத்துவமனையின் சராசரித் தேவை மணிக்கு 6 கன மீட்டர், அதாவது நாளுக்கு 144. தேசிய மருந்து விலை ஆணையம் 2020 செப்டம்பரில் வைத்த உச்சவரம்பைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம்: திரவ ஆக்சிஜன் கன மீட்டருக்கு 15.22 ரூபாய், சிலிண்டரில் அடைத்தது 25.71 ரூபாய், இரண்டும் வரியும் லாரி வாடகையும் நீங்கலாக. சிலிண்டருக்கும் திரவத்துக்கும் இடையே மாதம் ஏறத்தாழ 45,000 ரூபாய் வித்தியாசம் வருகிறது. பி.எஸ்.ஏ. கன மீட்டருக்கு ஒன்றரை யூனிட் மின்சாரம் தின்னும், யூனிட் 9 ரூபாய் என்று வைத்தால், அது திரவத்தைவிட மாதம் 7,500 ரூபாய்தான் மலிவு. கம்ப்ரஸர் எண்ணெய், வடிகட்டி, பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் சேர்ந்தால் அந்த 7,500 நிற்காது. மறுபக்கம் திரவத்துக்கு லாரி வாடகை கூடும். ஆக இரண்டும் ஏறத்தாழச் சமம். ஸ்லைடிலோ 45,000 ரூபாய் இடைவெளியும் 7,500 ரூபாய் இடைவெளியும் ஒரே அளவு: ஒரு நிறம்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பிலிருந்து ஒரு பதில் வரும். "நிறம் வேண்டாம், மதிப்பெண் போடுங்கள், கூட்டுத்தொகை முடிவைச் சொல்லிவிடும், யாரும் சாயத் தேவையில்லை" என்பார்கள். போட்டுப் பார்ப்போம். பச்சைக்கு 3, மஞ்சளுக்கு 2, சிவப்புக்கு 1. மேலே சொன்ன வரிகளோடு, சிலிண்டருக்கு முதலீட்டிலும் இடத்திலும் பச்சை, இரவும் பகலும் மாற்ற ஆள் வேண்டும் என்பதால் ஆள்தேவையில் சிவப்பு, நம்பகத்தன்மையிலும் சிவப்பு. திரவத் தொட்டிக்கு முதலீட்டில் மஞ்சள், இடத்தில் சிவப்பு, ஆள்தேவையில் பச்சை, நம்பகத்தன்மையில் மஞ்சள். கூட்டினால் சிலிண்டர் 14, திரவம் 15. இந்த இரண்டில் திரவம் வென்றது. இப்போது யாரோ ஒருவர் "நிறுவ எவ்வளவு காலம் ஆகும் என்பதையும் சேருங்கள்" என்கிறார். நியாயமான கேள்விதான். சிலிண்டர் ஏற்கெனவே இருப்பதால் அதற்கு 3, தொட்டிக்கு 1. இப்போது சிலிண்டர் 17, திரவம் 16. நோயாளிகள் மாறவில்லை, தேவை மாறவில்லை, ஒரு வரி கூடியதும் வெற்றி கைமாறிவிட்டது. எடைகள் போட்டாலும் இதே கதைதான். எந்த வரிக்கு எவ்வளவு எடை என்பதைத் தீர்மானித்தவர் முடிவையும் தீர்மானித்துவிடுகிறார். சாய்வு அங்கேயேதான் இருக்கிறது. எண்ணுக்குள் போய் ஒளிந்துகொண்டதால் அதைக் கேள்வி கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

சாதக பாதகப் பட்டியலுக்கு ஆதரவாகப் பெஞ்சமின் ஃபிராங்க்ளினை அழைப்பவர்கள் உண்டு. 1772-இல் ஜோசப் பிரீஸ்ட்லி ஒரு வேலையை ஏற்கலாமா என்று கேட்டபோது, என்ன செய்வது என்று சொல்லாமல் எப்படி முடிவெடுப்பது என்று மட்டும் ஃபிராங்க்ளின் கடிதம் எழுதினார்: தாளை இரண்டாகப் பிரித்து ஒருபுறம் ஆதரவு, மறுபுறம் எதிர்ப்பு. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. இருபுறத்திலும் சம எடையுள்ளவற்றை ஒன்றுக்கொன்று அடித்துவிடு, மிஞ்சுவது எந்தப் பக்கம் என்று பார் என்றார். நம் ஸ்லைடு தாளைப் பிரிப்பதோடு நின்றுவிடுகிறது. அடிக்கும் வேலையைச் செய்வதில்லை. பிரீஸ்ட்லிக்கு அவர் பரிந்துரை செய்யாததற்கும் அவரே காரணம் சொன்னார்: போதுமான விவரம் தன்னிடம் இல்லை என்றார். விவரம் இல்லாதவர் பரிந்துரைக்காமல் இருப்பது நேர்மை. மூன்று வாரம் விலைப்புள்ளி வாங்கி, ஆலைகளைப் பார்த்து, மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் பேசிய ஒருவர் அதே மௌனத்தைக் காப்பது வேறு விஷயம். அந்த அறையில் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

சரி, ஸ்லைடைக் குறிப்பாக மாற்ற உட்காருவோம். முதல் வேலை வரிகளைக் குறைப்பது. எந்த வரியில் எண் மாறினால் முடிவு மாறுமோ அது மட்டும் அளவுகோலாக நிற்கட்டும். மற்றவை பின்னிணைப்புக்குப் போகலாம். தூய்மை போகிறது, வளர்ச்சி போகிறது. இரண்டாம் வேலை, மிஞ்சியவற்றில் எது கட்டாயம், எது பேரம் பேசக்கூடியது என்று பிரிப்பது. இந்த மருத்துவமனையில் கட்டாயம் ஒன்றுதான்: ஆக்சிஜன் நிற்கக் கூடாது. "நம்பகத்தன்மை: மஞ்சள்" என்பதை வைத்துக்கொண்டு யாராலும் முடிவெடுக்க முடியாது. ஆகவே அதை மணி நேரமாக மாற்ற வேண்டும்.

நிரப்பு நிலையம் 110 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புயல் மழையில் சாலை 36 மணி நேரம் அடைபடலாம் என்பது நிர்வாகம் ஏற்கும் மோசமான நிலை. அதே நேரத்தில் ஐ.சி.யூ. நிறைந்திருந்தால் உச்சத் தேவை மணிக்கு 18 கன மீட்டர். அளவுகோல் இப்போது ஒரே வாக்கியம்: சாலை 36 மணி நேரம் மூடியிருந்தாலும் உச்சத் தேவை தடையின்றிக் கிடைக்க வேண்டும். அதற்கு 648 கன மீட்டர் கையில் இருக்க வேண்டும்.

இந்த வாக்கியம் எழுதப்பட்டதும் ஸ்லைடில் தெரியாதவை எல்லாம் தெரிய ஆரம்பிக்கின்றன. பெரிய சிலிண்டர் ஒன்றில் 7 கன மீட்டர். ஆக 93 சிலிண்டர் எப்போதும் நிரம்பி இருக்க வேண்டும். இப்போது இருக்கும் 20 சிலிண்டர் உச்சத் தேவையில் எட்டு மணி நேரம்கூடத் தாங்காது. சிலிண்டரை மட்டும் நம்புவது இங்கேயே விழுந்துவிடுகிறது. ஸ்லைடில் அது ஒரே ஒரு மதிப்பெண்ணில்தான் பின்தங்கி இருந்தது.

அடுத்தது இன்னும் முக்கியம். ஸ்லைடில் "திரவத் தொட்டி" என்று மட்டும் இருந்தது. எத்தனை லிட்டர் என்று இல்லை. விலைப்புள்ளி வந்தது 1 கிலோலிட்டர் தொட்டிக்கு. ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 860 லிட்டர் வாயுவாகும் என்பதால், அது நிரம்பியிருந்தால் 860 கன மீட்டர். 648-ஐவிட அதிகம், போதும் என்று தோன்றும். ஆனால் புயல் தொட்டி நிரம்பியிருக்கும் நாள் பார்த்து வராது. இருப்பிலுள்ள 20 சிலிண்டரின் 140 கன மீட்டரைக் கழித்தாலும் தொட்டியில் எந்த நேரமும் 508 கன மீட்டர் இருக்க வேண்டும். அதாவது 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கவே கூடாது. நாளுக்கு 144 செலவாகும் இடத்தில் இரண்டு நாளுக்கு ஒரு முறை லாரி வர வேண்டும். எந்த விநியோகஸ்தரும் அதற்கு எளிதில் ஒப்பமாட்டார். 3 கிலோலிட்டர் தொட்டி என்றால் அதே 508, கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குதான். பத்து நாளுக்கு ஒரு லாரி போதும். ஸ்லைடில் பேசப்பட்ட தொட்டியும் உண்மையில் வேண்டிய தொட்டியும் வேறு வேறு! "பரிந்துரைக்கிறேன்" என்று கையெழுத்துப் போட வேண்டிய நிலை வந்ததால்தான் இந்தக் கணக்கு போடப்பட்டது. வட்டத்துக்கு நிறம் தீட்டும்போது யாருக்கும் இதைப் போடத் தோன்றாது. அதற்கு இந்தக் கணக்கு தேவைப்படுவதும் இல்லை.

பி.எஸ்.ஏ.வுக்கும் நியாயம் செய்ய வேண்டும். உச்சத் தேவையைத் தாராளமாகச் சமாளிக்க நிமிடத்துக்கு 500 லிட்டர் தரும் ஆலை என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஏறத்தாழ 40 கிலோவாட் மின்சாரம். புயலில் சாலையோடு மின்சாரமும் போகும். ஜெனரேட்டரில் 36 மணி நேரம் ஓட்ட 400 லிட்டர் டீசலுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். அது இரண்டு பீப்பாய், வைத்துக்கொள்ளலாம். ஆகவே "மின்சாரம் போனால் பி.எஸ்.ஏ. நின்றுவிடும்" என்று மேலோட்டமாக அதைத் தள்ளிவிட முடியாது. அதன் உண்மையான பலவீனம் வேறு. கம்ப்ரஸர் ஒன்று பழுதானால் உற்பத்தி பூஜ்யம். அதைச் சரிசெய்யும் ஆளும் அந்த அடைபட்ட சாலை வழியாகத்தான் வர வேண்டும். அதுவரை கையில் எட்டு மணி நேரத்துக்கும் குறைவான சிலிண்டர். திரவத் தொட்டியில் சுழலும் பாகம் இல்லை. ஆவியாக்கி வெளிக்காற்றின் வெப்பத்திலேயே வேலை செய்யும். இரட்டை ஆலை வைத்தால் பி.எஸ்.ஏ.வின் பலவீனம் தீரும், முதலீடும் இரட்டிக்கும். 2021-இல் அவசரமாக நிறுவப்பட்ட ஆலைகள் பலவும் பராமரிக்க ஆளின்றிப் பின்னர் நின்றுபோனதை இந்தத் துறையில் இருப்பவர்கள் அறிவார்கள்.

இப்போது குறிப்பின் முதல் பத்தி தானாக எழுதிக்கொள்ளும்:

"முதன்மை ஆக்சிஜன் மூலமாக 3 கிலோலிட்டர் திரவத் தொட்டியை நிறுவவும், இப்போதுள்ள 20 சிலிண்டர் வரிசையை அவசர இருப்பாக வைத்துக்கொள்ளவும் பரிந்துரைக்கிறேன். சாலை 36 மணி நேரம் மூடப்பட்டாலும், எந்த ஓர் இயந்திரம் பழுதானாலும், உச்சத் தேவை நிற்காத வழி மூன்றில் இது ஒன்றே. இதற்காக நாம் இழப்பவை: பல ஆண்டுகளுக்கு ஒரே விநியோகஸ்தரோடு கட்டுண்டு இருப்போம், பாதுகாப்பு இடைவெளிக்காகப் பின்புற வாகன நிறுத்தம் போகும், 1,000 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டிக்கு வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் வேண்டும் என்பதால் சில மாதங்கள் தாமதமாகும். தொட்டி 25 சதவீதத்தைத் தொடும் முன் லாரி வரும் என்று விநியோகஸ்தர் எழுத்தில் உறுதி தராவிட்டால் இந்தப் பரிந்துரையைத் திரும்பப் பெற்று, இரட்டை பி.எஸ்.ஏ. ஆலையைப் பரிந்துரைப்பேன்."

இந்தப் பத்தியை எதிர்க்க முடியும். "36 மணி நேரம் எங்கிருந்து வந்தது? எங்கள் ஊரில் சாலை ஒரு நாளுக்கு மேல் மூடியதில்லை" என்று ஓர் இயக்குநர் கேட்கலாம். அவர் சொல்வது சரியென்றால் தொட்டியின் அளவே மாறும். "வாகன நிறுத்தத்தை விட முடியாது" என்று இன்னொருவர் சொல்லலாம். வாதம் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கும். ஸ்லைடை முன்னால் வைத்து நடக்கும் கூட்டத்தில் ஆளாளுக்குப் பிடித்த பச்சை வட்டத்தைக் காட்டிப் பேசுவார்கள். கடைசியில் அறையில் மூத்தவர் எது சொன்னாரோ அது நடக்கும். சாய்வைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் முதலில் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான்.

உரிமையைப் பறிக்கிறோம் என்ற குற்றச்சாட்டுக்கு நம் அரசு அலுவலகங்களே பதில் வைத்திருக்கின்றன. குறிப்புக் கோப்பில் உதவியாளர் வழக்கின் விவரம், விதி, முன்னுதாரணம் எல்லாம் எழுதி, என்ன செய்யலாம் என்பதையும் எழுதித்தான் மேலே அனுப்புகிறார். அதிகாரி ஏற்கலாம், மறுத்துத் தன் காரணத்தை அதன் கீழேயே எழுதலாம். உதவியாளர் எழுதியதால் அதிகாரியின் அதிகாரம் குறைந்துவிடவில்லை. மறுத்தால் ஏன் மறுத்தார் என்பதும் கோப்பில் நிற்கிறது. பரிந்துரை இல்லாத கோப்பில் அந்தக் காரணம் எழுதப்படாமலே போய்விடும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சில கேள்விகளுக்கான பதில் எழுதுபவரிடம் இருக்காது. எவ்வளவு மோசமான நிலைக்குத் தயாராக இருக்க வேண்டும் என்பது பணத்தையும் உயிரையும் ஒரே தட்டில் வைக்கும் கேள்வி. அதை நிர்வாகக் குழுதான் சொல்ல வேண்டும். அப்போதும் ஸ்லைடுக்குத் திரும்ப வேண்டியதில்லை. "24 மணி நேரம் போதும் என்றால் இந்தத் தொட்டி, 36 என்றால் அந்தத் தொட்டி; நான் 36-ஐ எடுத்துக்கொண்டேன்" என்று எழுதினால், குழுவின் முன் இருப்பது 21 வட்டம் அல்ல, ஒரே கேள்வி.

இன்னொரு தப்பிக்கும் வழியையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஸ்லைடைக் கைவிட்டவர்கள் அதிகம் விழுவது அதில்தான்: "மூன்றையும் படிப்படியாகக் கலந்து செயல்படுத்தலாம்." கேட்க விவேகமாக இருக்கும், எதையும் இழக்காதது போல் இருக்கும். என் குறிப்பிலும் சிலிண்டர் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அங்கே சிலிண்டர் ஒரு வேலைக்காக, ஓர் அளவில் இருக்கிறது. தொட்டி நின்றால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற கணக்கோடு இருக்கிறது. தினசரி ஆக்சிஜன் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குப் பதில் ஒன்றுதான். கலவைப் பரிந்துரையைச் சோதிக்க எளிய வழி உண்டு. அதில் "இதற்காக நாம் இழப்பவை" என்ற வாக்கியத்தைத் தேடுங்கள். அது இல்லையென்றால், அல்லது "சிறிது கூடுதல் ஒருங்கிணைப்பு தேவைப்படும்" என்பது போல யாருக்கும் வலிக்காத இழப்பு மட்டும் இருந்தால், எழுதியவர் இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை. குறிப்பை அவரிடமே திருப்பி அனுப்பி, வாகன நிறுத்தமா, பணமா, தாமதமா, எதை விட்டுக்கொடுக்கச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.